பாங்கில் 2,90,000 இருக்கிறது, ஆனால் இல்லை

"பாங்க்ல ரெண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் இருக்கே சார், அப்புறம் எதுக்கு மெயின்டனன்ஸ் ஏத்தணும்? நியாயமா பாத்தா ஒரு மாசம் தள்ளுபடியே பண்ணலாம்."

மூன்றாவது மாடி சார் இப்படிக் கேட்டபோது நான் மைக்கைப் பிடித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 2025 ஜூன், ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னைக்குத் தெற்கே, மேடவாக்கம் பக்கம், 48 வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுப் பொதுக்குழு. 31 வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர் கையில் நான் கொடுத்த ஒரு பக்கக் கணக்கு இருந்தது. அதில் கடைசி வரிக்குப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். பொருளாளராக அது என் முதல் வருடம். நான் சொல்ல வந்த விஷயத்தையே அவர் கேள்வியாகக் கேட்டுவிட்டார், அதனால் எழுதிவைத்திருந்த பேச்சை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அன்றைக்கு நான் சொன்னதையும், சொல்வதற்கு முன்னால் ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வேறு குடியிருப்பில் யாராவது இதே நாற்காலியில் மாட்டிக்கொண்டிருந்தால் உதவும். படிக்க வசதியாகச் சில்லறையை விட்டு முழுத் தொகையாக எழுதியிருக்கிறேன்.

முதலில் வசூல். எங்களுக்குச் சதுர அடிக்கு மாதம் 3 ரூபாய். மொத்தப் பரப்பு 48,000 சதுர அடி, ஆக மாதத்துக்கு 1,44,000. வருடத்துக்கு 17,28,000 வரவேண்டும். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை பாங்குக்கு வந்தது 17,04,000. "அப்போ 24,000 தானே பாக்கி? பரவாயில்லையே" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். இந்த இடத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். நானும் ஏப்ரலில் பாஸ்புக்கைப் பார்த்தபோது அப்படித்தான் நினைத்தேன்.

அந்த 17,04,000 முழுவதும் இந்த வருடத்துப் பணம் இல்லை. அதில் 1,10,000 முந்தைய வருடங்களின் பாக்கி. துரத்தித் துரத்தி வாங்கியது. இன்னொரு 72,000 அடுத்த வருடத்துப் பணம். வெளிநாட்டில் இருக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள், தலைக்கு 36,000, மார்ச் கடைசியிலேயே வருடம் முழுவதற்கும் அனுப்பிவிடுகிறார்கள். இரண்டையும் கழித்தால் இந்த வருடத்துக்கென்று வந்தது 15,22,000. அதற்கு முந்தைய வருட மார்ச்சில் ஒருவர் இதேபோல முன்கூட்டிக் கட்டிய 36,000-ஐச் சேர்த்தால் 15,58,000. ஆக இந்த வருடத்தில் மட்டும் வராதது 1,70,000. இருபத்துநாலாயிரம் எங்கே, ஒன்றே முக்கால் லட்சம் எங்கே!

இதைப் பிரிப்பதற்கு வீட்டுக்கு ஒரு பக்கம் லெட்ஜர் வேண்டும். எங்களிடம் இருந்தது மாதத்துக்கு ஒரு பக்கம். யார் எப்போது கட்டினார்கள் என்று அதில் இருக்கும், எந்த மாதத்துக்குக் கட்டினார்கள் என்று இருக்காது. எக்செல்லில் 48 வரிசை, 12 பத்தி போட்டு, பாங்க் ஸ்டேட்மென்டிலிருந்து ஒவ்வொரு வரவையும் எடுத்து உரிய கட்டத்தில் போட்டேன். பாதி நேரம் போனது யுபிஐ வரவுகளில். பணம் 3,000 வந்திருக்கும், அனுப்பியவர் பெயர் நம் குடியிருப்பில் யாருக்கும் இருக்காது. விசாரித்தால் வாடகைக்கு இருப்பவரின் மச்சான் கணக்கிலிருந்து வந்திருக்கும். ஒரு வரவுக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. அந்த வீட்டம்மா பாவம், அதுவரை பாக்கிப் பட்டியலில் இருந்தார். நான் போய்க் கேட்டதும் செல்போனைத் திறந்து ரசீதைக் காட்டினார். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். பாக்கிப் பட்டியலை யாரிடம் காட்டுவதற்கு முன்னும் பட்டியலில் உள்ளவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

செலவைப் பற்றி அதிகம் பேசவில்லை. தாளில் எல்லாம் இருந்தது, வவுச்சர் கோப்பும் மேசைமேல் இருந்தது. மொத்தம் 16,50,000. இதில் கிட்டத்தட்டப் பாதி மனிதர்களுக்குப் போகிற சம்பளம்: செக்யூரிட்டி ஏஜென்சிக்கு மாதம் 36,000, துப்புரவுக்கு இரண்டு பேருக்கு 22,000, பகுதிநேர மேனேஜருக்கு 10,000. இவற்றில் குறைக்க ஒன்றுமில்லை. குறைக்கலாம் என்று யாராவது சொன்னால், இரவு இரண்டு மணிக்கு சம்ப் மோட்டாரை யார் போடுவது என்று கேட்டுவிடுவேன்.

இரண்டு இனங்களுக்கு மட்டும் விளக்கம் தேவைப்பட்டது. ஒன்று பொது மீட்டரின் கரண்ட் பில், 2,10,000. "என் வீட்டுக்கே ரெண்டு மாசத்துக்கு ஆயிரத்துச் சில்லறைதான், லிஃப்ட்டும் நாலு லைட்டும் எப்படி இவ்வளவு?" என்று கேட்டார்கள். வீட்டு மீட்டருக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேலும் படிப்படியாகத்தான் ஏறும். பொது மீட்டருக்கு 2022 செப்டம்பரிலிருந்து தனிக் கட்டணம். அதில் இலவச யூனிட் கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய்க்கு மேல். பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 2023-இல் குறைத்தார்கள். நாம் அந்தக் கணக்கில் வரமாட்டோம்.

இன்னொன்று லாரித் தண்ணீர். 12,000 லிட்டர் லாரி, வருடத்தில் 140 லோடு, சராசரி 1,600 ரூபாய், ஆக 2,24,000. அதில் 92 லோடு ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்தில் வந்தவை. மீதி ஒன்பது மாதத்துக்கும் சேர்த்து 48 தான். இந்த வேறுபாட்டை நான் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வசூல் மாதாமாதம் ஒரே சீராக வருகிறது, செலவு கோடையில் குவிகிறது. கோடையில் கையில் பணம் இல்லாவிட்டால் கண் முதலில் போவது எஃப்டி மீதுதான். அந்தக் கதைக்கு வருகிறேன்.

லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், டீசல், தொட்டி கழுவியது, மோட்டார் ரீவைண்டிங், இன்ஷூரன்ஸ், ஆடிட்டர் எல்லாம் மீதித் தொகைக்குள் அடக்கம். ஜிஎஸ்டி உண்டா என்று ஒரு தம்பி கேட்டார். உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 7,500 ரூபாய்வரை விலக்கு, நம்மில் யாரும் அதன் பக்கத்தில்கூட இல்லை என்றேன்.

ஆக, வரவேண்டியது 17,28,000. செலவு 16,50,000. ஏட்டின்படி 78,000 உபரி. "பாத்தீங்களா, உபரிதானே!" என்றார் மூன்றாவது மாடி சார். இல்லை என்று நான் சொல்லவில்லை. உபரி உண்மைதான், ஆனால் அது பாங்கில் இல்லை, பாக்கிக்காரர்களிடம் இருக்கிறது. இதைக் காட்டத்தான் வெள்ளைப் பலகையைக் கடன் வாங்கி வைத்திருந்தேன். நாலாம் மாடியில் டியூஷன் எடுக்கும் டீச்சரம்மாவின் பலகை அது, ஓரத்தில் அழியாத இயற்கணிதம் ஒன்று இருந்தது.

பலகையில் மேலே எழுதினேன்: வருட ஆரம்பத்தில் சேமிப்புக் கணக்கில் 2,36,000. வந்தது 17,04,000. போனது 16,50,000. மார்ச் 31 அன்று 2,90,000. இதுதான் சார் வட்டம் போட்ட எண். இனி இதில் யார் யாருக்கு என்ன உரிமை என்று பார்ப்போம் என்றேன்.

முன்கூட்டிக் கட்டிய 72,000 நம்முடையது இல்லை. அந்த இரண்டு பேருக்கு அடுத்த பன்னிரண்டு மாதம் நாம் சேவை செய்தாக வேண்டும். செக்யூரிட்டி ஏஜென்சி மார்ச் மாதத்துக்கான பில்லை ஏப்ரல் ஐந்தாம் தேதிதான் கொடுக்கும். ஆட்கள் மார்ச்சில் வேலை பார்த்தாயிற்று, பணம் மட்டும் போகவில்லை. அது 36,000. 2,90,000-இல் இரண்டையும் கழித்தேன், 1,82,000 நின்றது. "சரி, அதுவாவது இருக்கே" என்று யாரோ சொன்னார்கள்.

அதற்குக் கீழே "கார்பஸுக்குத் தரவேண்டியது 2,00,000" என்று எழுதினேன். பெரிய வேலைகளுக்கென்று தனியாக எஃப்டியில் வைத்திருக்கும் நிதிதான் கார்பஸ். மைனஸ் 18,000. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்வரிசையில் ஒரு குழந்தை மட்டும் சமோசா எப்போது வரும் என்று கேட்டது.

அந்த இரண்டு லட்சத்தின் கதை இது. எங்கள் குடியிருப்பை பில்டர் 2015-இல் ஒப்படைத்தார். வீடு வாங்கும்போதே சதுர அடிக்கு 40 ரூபாய் கார்பஸ் என்று வசூலித்திருந்தார், மொத்தம் 19,20,000. சங்கம் பதிவான பிறகு அது எங்கள் பெயருக்கு எஃப்டியாக வந்தது. 2022-இல் வெளிப்பூச்சுக்கு ஒரு பெரிய தொகை அதிலிருந்து பொதுக்குழுத் தீர்மானத்தோடு எடுக்கப்பட்டது. அதில் ஒளிவுமறைவு இல்லை. மீதியும் வட்டியுமாக 2024 ஏப்ரலில் ஏட்டில் கார்பஸ் 17,00,000. எஃப்டி ரசீதுகளை எடுத்துக் கூட்டினால் 15,00,000 தான் வந்தது. மூன்று தடவை கூட்டினேன். ஆடிட்டர் அறிக்கைகளை வருடவருடமாகப் பின்னோக்கிப் புரட்டினேன். ஒவ்வொரு வருட இருப்புநிலைக் குறிப்பிலும் ஒரே ஒரு வரி: "கார்பஸ் நிதியிலிருந்து பெற்றது 2,00,000." அந்த வரி 2019-20-இல் பிறந்திருக்கிறது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

2019 என்றதும் சென்னைக்காரர்களுக்கு விளங்கியிருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு கிடந்த கோடை. எங்கள் போர்வெல் மே மாதமே காற்றை ஊதியது. அப்போது பொருளாளராக இருந்தவர் முதல் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். பொதுக்குழுவுக்கு முந்தின நாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். இந்த வரியை மேடையில் சொல்லப்போகிறேன், உங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன் சார் என்றேன். அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு நீல அட்டை நோட்டை எடுத்து வந்தார். தேதி, லாரி வந்த நேரம், லோடு, விலை, கையெழுத்து. ஒரு நாளைக்கு இரண்டு லாரி, சில நாளில் வண்டி வந்த நேரம் விடியற்காலை 3.40. ஒரு லோடு 3,000 ரூபாய்வரை போயிருந்தது. இரண்டு மாதத்தில் 120 லோடு. அப்போது மாத வசூலே 1,20,000 தான், அதிலும் நாலில் ஒரு பங்கு வரவில்லை. "எஃப்டியை உடைச்சேன் தம்பி. வேற என்ன பண்றது, குழந்தைகள் இருக்கிற வீடு. டிசம்பர்ல வெச்சுடலாம்னு நினைச்சோம்" என்றார். டிசம்பரில் கமிட்டி மாறியது. அடுத்து கொரோனா வந்தது.

அவர் செய்தது தப்பென்று நான் நினைக்கவில்லை. அந்த மே மாதம் நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் உடைத்திருப்பேன். ஆனால் அந்தப் பணம் லாரித் தண்ணீருக்குப் போனதென்று சொல்வது பாதிதான் சரி. எல்லாரும் மாதப் பணத்தைக் கட்டியிருந்தால் எஃப்டியைத் தொட வேண்டியிருந்திருக்காது, அல்லது அந்த டிசம்பரிலாவது திருப்பி வைத்திருக்கலாம். கட்டாதவர்களுக்காகக் கட்டியவர்களின் கார்பஸ் கடன் கொடுத்திருக்கிறது, ஆறு வருடமாக வட்டியில்லாமல். இதை அப்படியே மேடையில் சொன்னேன். நோட்டைப் பற்றியும் சொன்னேன். அவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கார்பஸின் இன்றைய நிலை: எஃப்டிக்கு இந்த வருட வட்டி 1,05,000. பாங்க் அதில் பத்து சதவீதம், 10,500-ஐ வரியாகப் பிடித்துக்கொண்டது. உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் மெயின்டனன்ஸ் வருமானம் ஆகாது, ஆனால் பாங்க் தரும் வட்டி வருமானம்தான். நம் வருமானம் வரம்புக்குள் என்பதால் ரிட்டர்ன் போட்டால் பிடித்தது திரும்ப வரும், போடாவிட்டால் வராது. இரண்டு வருடம் போடாமல் விட்டிருந்ததை விசாரித்தபோது, "சங்கத்துக்கு எதுக்கு ரிட்டர்ன்?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்கள்! ஆக ஏட்டில் கார்பஸ் 18,05,000. அதில் எஃப்டியில் இருப்பது 15,94,500, வருமான வரித் துறையிடம் 10,500, நாம் எடுத்துச் சாப்பிட்டது 2,00,000.

"பதினாறு லட்சம் கிட்ட இருக்கே, போதாதா?" என்று ஒரு மாமி கேட்டார். நியாயமான கேள்வி. வரப்போகும் மூன்று வேலைகளைச் சொன்னேன். மொட்டை மாடி 11,000 சதுர அடி, வாட்டர்ப்ரூஃபிங்குக்கு வந்த விலைப்புள்ளி சதுர அடிக்கு 55 ரூபாய், 6,05,000. இரண்டு லிஃப்ட்டுக்கும் ரோப், கண்ட்ரோலர் மாற்ற ஐந்து லட்சம். 2029 வாக்கில் மறுபடி பெயின்ட், இன்றைய விலையிலேயே பத்து லட்சம். மொத்தம் 21 லட்சத்துக்கு மேல், ஐந்து வருடத்துக்குள். மாமி தலையாட்டினார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். என்னவென்று இன்றுவரை தெரியாது.

இனி பாக்கி. முந்தைய வருடங்களின் பாக்கியில் இன்னும் வராதது 84,000, இந்த வருடத்தது 1,70,000. மொத்தம் 2,54,000. பதினொரு வீடுகள். "பேரைப் படிங்க சார்" என்று இரண்டு மூன்று குரல்கள் எழுந்தன. படிக்கவில்லை. உறுப்பினர் யார் வேண்டுமானாலும் அலுவலக அறைக்கு வந்து லெட்ஜரைப் பார்க்கலாம், மைக்கிலோ வாட்ஸ்அப்பிலோ படிக்கமாட்டேன் என்றேன். படித்தால் ஏழு பேருக்குத் தேவையில்லாத அவமானம். அந்த ஏழு வீடும் ஒன்றிரண்டு மாதம் தாமதம், எல்லாம் சேர்த்தே 26,000. நினைவூட்டினால் வந்துவிடும், பாதி வந்தும்விட்டது. மீதி 2,28,000 வெறும் நாலு வீட்டில் இருக்கிறது. நாலும் மூன்று விதமான நோய்.

முதலாவது, ஒரே உரிமையாளரின் இரண்டு வீடுகள், பன்னிரண்டு மாதம், 72,000. அவர் வெளியூரில். வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறேன், குடியிருப்பவர்தான் சங்கத்தில் கட்டவேண்டும் என்கிறார். குடியிருப்பவர் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டுகிறார், அதில் மெயின்டனன்ஸ் உரிமையாளர் பொறுப்பு என்றிருக்கிறது. அவர்கள் ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் சங்கத்தைப் பொறுத்தவரை கடன்காரர் உரிமையாளர்தான், உறுப்பினர் அவர்தான். அதனால் பில்லை இனி உரிமையாளரின் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்புகிறோம். முன்பெல்லாம் மேனேஜர் குடியிருப்பவரின் கதவைத் தட்டிவிட்டு வந்துவிடுவார். அது வசூல் முயற்சி என்று கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, நாலாம் மாடி வீடு ஒன்று, மாதம் 3,600 வீதம் பத்து மாதம், 36,000. கூடத்துக் கூரையில் மொட்டை மாடியிலிருந்து கசிவு. கமிட்டி சரிசெய்யும்வரை கட்டமாட்டேன் என்று நிறுத்திவிட்டார். போய்ப் பார்த்தேன். மின்விசிறிக்குப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மஞ்சள் கறை, கீழே ஒரு வாளி. அவர் குறை முழுக்க நியாயம். ஆனால் கசிவை அடைக்கும் பணம் கட்டும் பணத்திலிருந்துதான் வரவேண்டும், கட்டாமல் இருந்தால் அது அவருக்கே தாமதம். புகாரைப் புகாராக எழுதிக்கொடுங்கள், பணத்தைப் பணமாகக் கட்டுங்கள், மொட்டை மாடி வேலையை உங்கள் வீட்டுக்கு மேலிருந்து ஆரம்பிக்கிறோம் என்று செயலாளரும் நானும் சொன்னோம். 18,000-க்குக் காசோலை கொடுத்தார். மீதி, வேலை தொடங்கிய அன்று.

மூன்றாவதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அப்பா இறந்துவிட்டார், மூன்று பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு. வீடு பூட்டிக் கிடக்கிறது. மாதம் 3,000, நாற்பது மாதம், 1,20,000. ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள். பூட்டிய வீட்டுக்குத் தண்ணீர் செலவில்லை என்பது அவர்கள் வாதம். லிஃப்ட்டும் செக்யூரிட்டியும் பூட்டைப் பார்த்துச் செலவைக் குறைப்பதில்லை. வீடு கடைசியில் விற்கும்போது நம்மிடம் பாக்கியில்லாச் சான்று வாங்க வருவார்கள், அப்போது மொத்தமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்றே முந்தைய கமிட்டிகள் இருந்துவிட்டன. நானும் அதை நம்பினேன். எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் வழக்கறிஞர் அம்மாதான் ஒரு மாலை நடைப்பயிற்சியில் நிறுத்திக் கேட்டார்: "எத்தனை மாசம் ஆச்சு? முப்பத்தாறு தாண்டிடுச்சா?"

கடனுக்காக வழக்குப் போடக் காலவரம்புச் சட்டத்தில் மூன்று வருடம். ஒவ்வொரு மாதத் தவணைக்கும் கெடு தனித்தனியாக ஓடுகிறது. நாற்பது மாதத்தில் முதல் நாலு மாதம், 12,000 ரூபாய், ஏற்கெனவே கெடுவைத் தாண்டிவிட்டது. அதற்காக இனி நீதிமன்றம் போனால் நிற்காது. மீதியும் மாதம் ஒன்றாக நழுவிக்கொண்டே இருக்கும். இதை நிறுத்த ஒரு வழி, கெடு முடியும் முன் கடன்பட்டவர் "இவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டு எழுதித் தருவது. அப்படித் தந்த நாளிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் மற்ற இருவரைக் கட்டுப்படுத்தாமல் போகலாம், மூவரிடமும் வாங்குங்கள் என்றார் அந்த அம்மா. வழக்கில் ஒருவரோடொருவர் பேசாத மூன்று பேரிடம் ஒரே வாசகத்தில் மூன்று கடிதங்கள்! மூத்த அக்கா உடனே போட்டுக் கொடுத்தார். இரண்டாமவர் அவருடைய வக்கீலைக் கேட்டு இரண்டு வாரம் கழித்துக் கொடுத்தார். கடைசித் தம்பியிடம் செயலாளர் தாம்பரம்வரை போய்வந்தார், அவர் தரவில்லை. அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது, பதில் வராவிட்டால் வழக்குப் போடுவது என்று தீர்மானம் வைத்தோம்.

"அவங்களுக்குத் தண்ணியைக் கட் பண்ணுங்க" என்று ஒரு குரல் வந்தது. பூட்டிய வீட்டுக்கு எதைக் கட் செய்வது என்று பலர் சிரித்தார்கள். ஆள் இருக்கும் வீடாக இருந்தாலும் தண்ணீரிலும் கரண்டிலும் கைவைக்கவே கூடாது, நியாயம் நம் பக்கம் இருக்கும் வழக்கில் நாமே போய்க் குற்றவாளி ஆவோம் என்று வழக்கறிஞர் அம்மா எழுந்து சொன்னார். தாமதத்துக்கு வட்டி மட்டும் தீர்மானமாயிற்று. வரும் பணத்தை எப்போதும் மிகப் பழைய பாக்கியில்தான் வரவு வைப்பது என்பதையும் சேர்த்துக்கொண்டோம். இதுவரை பலர் இரண்டு வருடப் பாக்கியை அப்படியே விட்டுவிட்டு நடப்பு மாதத்தைக் கட்டிக்கொண்டே, "நான் ரெகுலர்" என்று சொல்லி வந்தார்கள்.

கடைசியாக ஏற்றம். மெயின்டனன்ஸை நான் ஏற்றச் சொல்லவில்லை. 78,000 உபரி இருக்கும்போது அதை ஏற்றச் சொன்னால் மூன்றாவது மாடி சார் சொல்வதுதான் சரி. நான் கேட்டது வேறு: சதுர அடிக்கு 50 காசு கார்பஸுக்கென்று தனியாக, தனி வங்கிக் கணக்கில். வருடத்துக்கு 2,88,000. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு மாதம் 500 கூடுதல். அந்தக் கணக்கிலிருந்து எடுக்கக் கமிட்டிக் கையெழுத்து போதாது, பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும். 2019 மாதிரி அவசரம் வந்தால் எடுக்கலாம், ஆனால் எந்தத் தேதிக்குள் திருப்புவது என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதவேண்டும். பாக்கி வசூலாக ஆக முதல் இரண்டு லட்சம் கார்பஸுக்கே போகும்.

அரை மணி நேரம் வாக்குவாதம். வாடகைக்கு விட்டிருப்பவர்கள் கார்பஸ் எங்கள் தலையில் என்றார்கள், அது உண்மைதான், கட்டடமும் அவர்களுடையதுதானே. ஓய்வூதியக்காரர்கள் இரண்டு பேர் 25 காசாகக் குறைக்கக் கேட்டார்கள். கை தூக்கியபோது 50 காசுக்கு 22, எதிராக 6, மூன்று பேர் இரண்டுக்கும் தூக்கவில்லை. மூன்றாவது மாடி சார் எதிராகத்தான் தூக்கினார். கூட்டம் முடிந்ததும் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்று மைனஸ் 18,000-ஐ மறுபடி மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். "கணக்கு சரிதான், எனக்கு ஏத்தறதுதான் பிடிக்கலை" என்றார். அதற்குள் சமோசா தீர்ந்திருந்தது.

ஜூலையிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டுகிறேன். பாங்கில் இருப்பது, அதில் முன்பணம், கொடுக்கவேண்டிய பில், கார்பஸுக்குத் தரவேண்டியது, மிச்சம். அவ்வளவுதான், ஐந்து வரி. முதல் தாளை ஒட்டிய மறுநாள் காலை லிஃப்ட்டுக்குப் போகும்போது பார்த்தேன், மூன்றாவது வரியில் பேனாவால் ஒரு வட்டம். பக்கத்தில் "கூட்டல்: ரூ. 1,000 தவறு" என்று எழுதியிருந்தது. எடுத்துச் சரிபார்த்தேன். தவறுதான். திருத்திப் புதிய தாளை ஒட்டினேன்.